பத்திரிகை எத்தனை அடிப்பது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



வீட்டில் கல்யாணம் என்றதும் "500 பத்திரிகை அடிச்சிடலாம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்த 500 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் முடிந்து பார்த்தால் பரணில் ஒரு கட்டு அப்படியே கிடக்கும்.

பத்திரிகையை ஆள் கணக்கில் எண்ணக்கூடாது, வீட்டுக் கணக்கில்தான் எண்ண வேண்டும். ஆனால் நம்ம பக்கம் ஒரு சங்கதி உண்டு. ஒரே வாசலில் அண்ணன் தம்பி இருந்தாலும், அடுப்பு தனியாக இருந்தால் பத்திரிகையும் தனியாகத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் வருத்தம் வந்துவிடும். அதனால் ஒரு நோட்டில் தெருத் தெருவாக, அடுப்பு அடுப்பாக எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டார் தனியாக அடிக்கிறார்களா, இரு வீட்டாருக்கும் பொதுவா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாகூர் கொம்யூனில் நம்ம உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் 90 வீடு, வெளியூர் சொந்தம் 60, வேலை செய்யும் இடம், குழு, தெரிந்தவர்கள் 15. மொத்தம் 165. குலதெய்வத்துக்கு, வீட்டில் வைத்துக்கொள்ள, மறந்துபோனவர்களுக்கு என்று ஒரு 20 சேர்த்தால் 185. அச்சகத்தில் அட்டை பெரும்பாலும் 50, 100 என்று கட்டாகத்தான் வரும். ஆகவே 200 போதும்.

இதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று 150 மட்டும் அடிப்பது நஷ்டம். ஏன் என்று பாருங்கள். அச்சகக்காரர் வாங்கும் தொகையில் இரண்டு பங்கு இருக்கிறது. மேட்டர் கம்போஸ் செய்வது, பிளேட் போடுவது, மெஷினில் ஏற்றுவது ஒரு பங்கு. இது 100 அடித்தாலும் 300 அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அட்டை விலை இன்னொரு பங்கு. கணக்குக்காக முதல் பங்கு 1,500 ரூபாய், அட்டை ஒன்று 14 ரூபாய் என்று வைப்போம். 200 அடித்தால் 4,300 ஆகும். 150 அடித்துவிட்டு, போதாமல் மறுபடி 50 அடிக்கப் போனால், அந்த 50-க்கு 700-ம், திரும்பவும் ஏற்றுகூலியும் கேட்பார்கள். முதலிலேயே சேர்த்திருந்தால் 700-தான். புரூஃப் பார்க்கும்போது தேதி, முகூர்த்த நேரம், பெயர்களை இரண்டு பேர் சத்தமாகப் படித்துப் பாருங்கள். தப்பு வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பேப்பர். கையில் தடியாக இருந்தால் கௌரவம் என்று நினைக்கிறோம். 35 ரூபாய் அட்டை என்றால் அதே 200-க்கு 8,500 ஆகிவிடும். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு தபாலில் இருக்கிறது, ஏனென்றால் தபால் எடைக்குத்தான் காசு. ஒற்றை மடிப்பு சாதா அட்டை கவரோடு 20 கிராமுக்குள் அடங்கும். உள்ளே இரண்டு மூன்று தாள் வைத்த தடித்த அட்டை 55, 60 கிராம் வரும். அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே மாதிரி ஒன்றை வாங்கி, மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் கவரோடு வைத்துப் பாருங்கள்.

2025 அக்டோபரில் மாறிய கட்டணப்படி, ஸ்பீட் போஸ்ட்டில் வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய். 50-ஐத் தாண்டினால் 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், இது 250 கிராம் வரை. வரி தனி. சாதா அட்டை சென்னைக்கு ஒன்று அனுப்ப வரியோடு சுமார் 55 ரூபாய். அட்டையே 14 ரூபாய், அனுப்புவது அதுபோல் நாலு மடங்கு!

இதற்கு வழி இருக்கிறது. சென்னையில் 8 வீடு இருந்தால் எட்டையும் தனித்தனியாக அனுப்பினால் 440-க்கு மேல். எட்டையும் ஒரே கவரில் போட்டு, அங்கே இருக்கிற நம்பிக்கையான ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பினால் எடை சுமார் 160 கிராம், செலவு வரியோடு 70 ரூபாய்தான். தடித்த அட்டை என்றால் எட்டும் 440 கிராம், அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். ஆனால் வாங்கியவர் கொண்டுபோய்க் கொடுப்பாரா என்று தெரிந்த பிறகே இதைச் செய்யுங்கள். நாலு நாள் கழித்து அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடலூர், விழுப்புரம் பக்கம் என்றால் கூரியருக்குக் கொடுக்கிற காசில் பஸ்ஸில் போய் நேரிலேயே பல வீட்டுக்கு வைத்துவிடலாம். தாய்மாமன், அத்தை வீட்டுக்கு எப்படியும் தட்டோடு நேரில்தான் போக வேண்டும், அவர்கள் பெயரைத் தபால் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரான்சில் இருக்கிற சொந்தத்துக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, கூடவே பேசிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சம்பந்தி வீட்டாருக்கும் முக்கியமானவர்களுக்கும் மட்டும் 30 பெரிய அட்டை வேண்டும் என்றால், சாதா அட்டையின் அதே அளவில் எடுங்கள். அளவு வேறானால் தனி பிளேட், தனிக் கூலி. ஆர்டர் கொடுக்குமுன் இதை அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.