பிடித்த வரி யார் பான் எண்ணில்?

2025-26 நிதியாண்டில் மகளின் வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா தன் சேமிப்பிலிருந்து 18 லட்சம் அனுப்புகிறார். முதல் 10 லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை. மீதி 8 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாயை வங்கி கூடுதலாக வாங்கிக்கொள்ளும். வங்கிக் கல்விக்கடன் பணம் என்றால் அதுவும் கிடையாது.

இது செலவல்ல, முன்கூட்டியே கட்டிய வரி. அப்பாவின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிடும். அந்த ஆண்டு வரி 65,000 என்றால் 25,000 கட்டினால் போதும். சம்பளக்காரர் அலுவலகத்தில் 12பிஏஏ படிவம் கொடுத்தால் மாதப் பிடித்தத்திலேயே கழித்துக்கொள்வார்கள்.

பணம் மகளின் கணக்கிலிருந்து போனால்தான் சிக்கல். அவளுக்கு 18 வயது தாண்டியிருந்தால், பிடித்த 40,000 அவள் பான் எண்ணில் நிற்கும். அப்பா கேட்க முடியாது. வருமானமே இல்லாவிட்டாலும் அவள்தான் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும்.