ஆஃபர் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்?

ஆள் எடுக்கும் வேலை மூன்று மாதம் நடந்து முடிந்ததும், எச்.ஆர். பிரிவிலிருந்து மேலிடத்துக்கு ஒரு பக்க அட்டவணை போகும். எந்த வேலைக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை இன்டர்வியூ செய்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள், கடைசியில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று நான்கு எண்கள் அதில் இருக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது எத்தனை சதவீதம் பேர் குறைந்தார்கள் என்பதும் கூடவே இருக்கும். இதை ‘ரெக்ரூட்மென்ட் ஃபனல்’ என்பார்கள். போடுவதற்குச் சுலபமான அட்டவணை, தப்பாகப் படிப்பதற்கு அதைவிடச் சுலபம். தப்பாகப் படித்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, வேலை தேடுகிறவருக்கும்தான்.

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் மூன்று வகை வேலைகளுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அடைப்புக்குள் இருப்பது, முந்தைய கட்டத்திலிருந்து குறைந்தவர்களின் சதவீதம்.

| வேலை | விண்ணப்பம் | இன்டர்வியூ | ஆஃபர் | சேர்ந்தோர் |
|---|---|---|---|---|
| சி.என்.சி. ஆபரேட்டர் | 120 | 48 (60%) | 20 (58%) | 16 (20%) |
| டிசைன் இன்ஜினியர் | 200 | 30 (85%) | 10 (67%) | 4 (60%) |
| சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் | 400 | 40 (90%) | 10 (75%) | 8 (20%) |
| மொத்தம் | 720 | 118 (84%) | 40 (66%) | 28 (30%) |

கணக்கு எளிது. எக்செல்லில் விண்ணப்பம் B பத்தியிலும் இன்டர்வியூ C பத்தியிலும் இருந்தால் `=1-C2/B2` என்று அடித்தால் போதும். ஆபரேட்டர் வரிசையில் 48ஐ 120ஆல் வகுத்தால் 0.4 வரும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.6, அதாவது 60 சதவீதம்.

இந்த அட்டவணையைப் பார்க்கும் முதலாளியின் கண் நேராக 90 சதவீதத்தில் போய் நிற்கும். சேல்ஸ் வேலைக்கு விண்ணப்பித்த 400 பேரில் 360 பேர் இன்டர்வியூ வரைக்கும்கூட வரவில்லையே, எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 360 பேரை விட்டது நிறுவனமேதான். வேலைவாய்ப்புத் தளங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடுகிறது. பம்ப் விற்ற அனுபவம் கேட்டிருந்தாலும், கல்லூரி முடித்து நேற்று வந்தவர் முதல் சென்னையைவிட்டு நகர முடியாதவர் வரை எல்லாரும் அழுத்துகிறார்கள். ஒரே ஆள் இரண்டு தளங்கள் வழியாக வந்து இரண்டு பேராகக் கணக்கில் ஏறுவதும் உண்டு. கைபேசி எண்ணை வைத்து இரட்டிப்புகளை நீக்கினாலே இந்த 400 கணிசமாகக் குறையும். இந்தக் கட்டத்தில் 90 சதவீதம் குறைவது விளம்பரம் அகலமாகப் போயிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. வேலை தேடுகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: நானூறு பேர் போட்டி என்ற எண்ணைப் பார்த்துத் துவள வேண்டியதில்லை, உண்மையான போட்டி அந்த நாற்பது பேருக்குள்தான்.

ஆகவே ஒவ்வொரு சதவீதத்தையும் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, வேண்டாம் என்று சொன்னது யார் என்பதுதான். முதல் கட்டத்தில் சொன்னது நிறுவனம். கடைசிக் கட்டத்தில், ஆஃபர் லெட்டரைக் கையில் வாங்கிய பிறகு வராமல் போனவர்கள் விஷயத்தில், சொன்னது வேலைக்கு வர வேண்டியவர். இரண்டுக்கும் ‘ட்ராப் ஆஃப்’ என்று ஒரே தலைப்புப் போட்டு ஒரே நிறத்தில் அடித்துவிடுவதுதான் இந்த அட்டவணையின் பெரிய கோளாறு என்பேன். நிறுவனம் விட்ட 360 பேரால் அதற்கு நஷ்டம் கொஞ்சம்தான். ஆஃபர் வாங்கிவிட்டு வராமல் போன ஒருவரால் மூன்று சுற்று இன்டர்வியூவுக்குச் செலவழித்த நேரம், சம்பளம் பேசிய நேரம், ஆள் கிடைத்துவிட்டார் என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பியது எல்லாம் வீணாகிறது.

நடுக் கட்டத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ 48 என்று இருக்கிறதே, அது அழைக்கப்பட்டவர்களா, வந்தவர்களா? 70 பேரைக் கூப்பிட்டு 48 பேர் வந்திருந்தால் நிலைமை வேறு. 120 பேரில் 50 பேரை நிறுவனம் விட்டிருக்கிறது. 22 பேர் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு வரவில்லை. அந்த 22 பேருக்குக் காரணம் பெரும்பாலும் தகுதி சார்ந்ததாக இருக்காது. வேலை நாளில் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால், இப்போது இன்னொரு பட்டறையில் ஷிப்ட் பார்ப்பவர் அன்றைய சம்பளத்தை இழந்துதான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூ வைத்துப் பார்த்தால் இதில் எத்தனை பேர் திரும்பக் கிடைப்பார்கள் என்று தெரிந்துவிடும். அட்டவணையில் ‘அழைத்தோர்’, ‘வந்தோர்’ என்று இரண்டு பத்தி இல்லாவிட்டால் இப்படி யோசிக்கவே இடமிருக்காது.

இனி டிசைன் இன்ஜினியர் வரிசைக்கு வருவோம். மொத்த வரிசையைப் பார்த்தால் ஆஃபருக்குப் பிறகு 30 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, பரவாயில்லை என்று தோன்றும். வேலைவாரியாகப் பிரித்தால்தான் ஆபரேட்டரும் சேல்ஸும் 20 சதவீதத்தில் நிற்க, டிசைன் மட்டும் 60 சதவீதத்தில் நிற்பது தெரிகிறது. மொத்தம் என்பது எந்த வேலைக்கு எத்தனை பேர் என்ற கலவையைப் பொறுத்து ஏறும், இறங்கும். இதற்குப் புகழ்பெற்ற சாட்சி கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1973ஆம் ஆண்டு பட்டமேற்படிப்புச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. பெண்களை ஒதுக்குகிறார்களோ என்று துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, துறைகளில் அப்படிப்பட்ட பொதுவான ஒதுக்கல் தெரியவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். பிக்கெல், ஹாமெல், ஓகானல் ஆகிய மூவரும் 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார்கள். ஆள் எடுக்கும் அட்டவணையிலும் மொத்த வரிசையை வைத்துக்கொண்டு யாரையும் குறைசொல்லவோ பாராட்டவோ கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, டிசைன் வேலைக்கு 60 சதவீதம் பேர் கைவிட்டுவிட்டார்களா? அங்கேதான் இன்னொரு சிக்கல். இந்தியாவில் அனுபவமுள்ள இன்ஜினியர்கள் பலருக்கு நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று இருக்கிறது. ஜூன் முதல் வாரம் ஆஃபர் வாங்கிய ஒருவர், ராஜினாமா கொடுத்துவிட்டு, செப்டம்பரில்தான் வந்து சேர முடியும். ஜூன் 30 அன்று போட்ட அட்டவணை அவரை வராதவர் கணக்கில் தள்ளிவிடுகிறது. கோப்பைப் புரட்டிப் பார்த்தால் பத்துப் பேரில் 4 பேர் சேர்ந்துவிட்டார்கள், 3 பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், 3 பேர் பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்றைக்கு உறுதியான இழப்பு 30 சதவீதம். காத்திருக்கும் மூவரும் வந்துவிட்டால் அது 30லேயே நிற்கும், மூவரும் வராவிட்டால் 60க்குப் போகும். எது என்று செப்டம்பர் முடியும்போதுதான் தெரியும்.

இதையே மாதவாரியாகப் போட்டால் குழப்பம் இன்னும் கூடும். ஜூனில் ஆஃபர் வாங்கியவர்களும் ஜூனில் சேர்ந்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. ஜூனில் சேர்ந்தவர் மார்ச்சில் ஆஃபர் வாங்கியவராக இருப்பார். அந்த ஒன்றை இந்த ஒன்றால் வகுத்தால் வரும் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. சில மாதம் ஆஃபரைவிடச் சேர்ந்தவர்கள் அதிகமாகி, இழப்பு மைனஸில் வருவதைப் பார்த்தால் இந்தத் தவறு நடக்கிறது என்று கண்டுகொள்ளலாம். சரியான வழி, ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்பித்தவர்களை ஒரு கூட்டமாக வைத்து, அதே ஆட்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்ப்பது. அதற்கு ‘காத்திருப்போர்’ என்று ஒரு பத்தி வேண்டும், அட்டவணை போட்ட தேதியும் தலைப்பில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை சின்னதாக இருப்பதையும் மறக்கக் கூடாது. பத்து ஆஃபரில் ஒருவர் மனம் மாறினாலே 10 சதவீதப் புள்ளி நகர்ந்துவிடும். போன காலாண்டில் 40, இந்தக் காலாண்டில் 30 என்று முன்னேற்றம் காட்டிக் கைதட்டல் வாங்குவது, ஒரே ஒரு ஆள் வந்து சேர்ந்ததால் இருக்கலாம். அதனால்தான் சதவீதத்தைத் தனியாக எழுதாமல் ஆள் எண்ணிக்கையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

வரவில்லை என்று சொன்ன அந்த மூன்று டிசைன் இன்ஜினியர்களிடம் காரணம் கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ராஜினாமா கொடுத்ததும் பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து நிறுத்திக்கொண்டது. அல்லது நம் ஆஃபரைக் காட்டியே இன்னொரு இடத்தில் அதிகமாகப் பேசி வாங்கிக்கொண்டார். இரண்டுமே அந்த 90 நாள் இடைவெளிக்குள் நடப்பவை. ஆஃபர் கொடுத்த கையோடு மறந்துவிட்டு, சேரும் நாளுக்கு முந்தைய வாரம் போன் செய்தால் “சார், நான் அங்கேயே இருந்துக்கலாம்னு இருக்கேன்” என்ற பதில்தான் வரும். நோட்டீஸ் பீரியடைப் பணம் கட்டிச் சுருக்கிக்கொள்ள பழைய கம்பெனி சம்மதித்தால், அந்தத் தொகையைப் புது நிறுவனம் ஏற்றுக்கொள்வது ஒரு வழி. முதல் இன்டர்வியூவிலேயே சம்பள வரம்பைச் சொல்லிவிடுவது இன்னொரு வழி. ஒத்துவராதவர்கள் ஆஃபருக்கு முன்பே விலகிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நடுக் கட்டத்தின் சதவீதம் ஏறி, கடைசிக் கட்டத்தின் சதவீதம் இறங்கும். அட்டவணையில் ஒரு எண் மோசமானது போலத் தெரிந்தாலும் செலவு குறைந்திருக்கும்.

கடைசியாக ‘சேர்ந்தோர்’ பத்தி. ஆபரேட்டர் வரிசைதான் இருப்பதிலேயே நன்றாகத் தெரிகிறது: 20 ஆஃபர், 16 பேர் சேர்ந்தார்கள். ஆனால் முதல் நாள் கேட்டில் கையெழுத்துப் போட்டவரைச் சேர்ந்தவராக எண்ணியிருந்தால், முதல் சம்பளத்துக்கு முன்பே நின்றுவிட்டவரும் அதில் இருப்பார். 90ஆவது நாளில் வேலையில் இருப்பவர் என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதில் 11 என்று வந்தால், ஐந்து பேர் போயிருக்கிறார்கள். தங்க அறை இல்லையா, இரவு ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போகப் பஸ் இல்லையா, சொன்ன ஓவர்டைம் கிடைக்கவில்லையா என்று அந்த ஐந்து பேருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்த காலாண்டுக்கு இன்னும் 120 விண்ணப்பம் வாங்கினால், அதே ஐந்து இடங்களுக்கு மறுபடியும் ஆள் தேட வேண்டிவரும்.