ஒரே வெளிச்சம், மூன்று படங்கள்

புகைப்பட வகுப்புகளில் முதல் நாளே பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துவிடுவார்கள். ஒரு மூலையில் அப்பர்ச்சர், இன்னொன்றில் ஷட்டர் வேகம், மூன்றாவதில் ஐ.எஸ்.ஓ. நானும் பல வருடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். மாணவர்கள் அழகாக நோட்டில் வரைந்துகொள்வார்கள். மறுவாரம் கேமராவைக் கையில் கொடுத்தால் பழையபடி ஆட்டோவில்தான் எடுப்பார்கள். இப்போதெல்லாம் முக்கோணத்தைக் கடைசியில்தான் வரைகிறேன். முதல் நாள் எல்லோரையும் டீக்கடைக்கு அழைத்துப் போகிறேன்.

மாஸ்டர் டீ ஆற்றுவதை மூன்று விதமாகப் படமெடுக்க வேண்டும். மூன்று படத்திலும் வெளிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஆனால் மூன்றும் வேறு வேறு படமாக இருக்க வேண்டும். பயிற்சி இவ்வளவுதான்.

கேமராவில் டயலை M-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் M-இல் வைத்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஷட்டரை மாற்ற மாற்ற, கேமரா உங்களுக்குத் தெரியாமல் ஐ.எஸ்.ஓ.வை மாற்றி வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். எதை மாற்றினால் என்ன ஆகிறது என்பது கடைசிவரை பிடிபடாது.

காலை நேரம், கடை முகப்பில் நிழல், வெயில் நேரடியாக விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் சாதாரண 18-55 லென்ஸே போதும். f/5.6, ஷட்டர் 1/125, ஐ.எஸ்.ஓ. 400 என்று வைத்தபோது மீட்டரின் முள் நடுவில், சுழியத்தில் நின்றது. இது முதல் படம். டீ விழுவது தெரியும், ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும். பார்க்க ஒரு குறையும் இருக்காது, அதே சமயம் விசேஷமாகவும் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது படத்தில் டீ அந்தரத்தில் உறைந்து நிற்க வேண்டும். அதற்கு ஷட்டரை 1/1000-க்குக் கொண்டு போகிறோம். 125-இலிருந்து 250, 500, 1000 என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிறது. இந்தப் படியைத்தான் புகைப்படக்காரர்கள் ‘ஸ்டாப்’ என்கிறார்கள். மூன்று ஸ்டாப் போய்விட்டதால் படம் இருட்டிவிடும். போனதை ஐ.எஸ்.ஓ.வில் ஈடுகட்டுகிறோம்: 400-இலிருந்து 800, 1600, 3200. இப்போது எடுத்துப் பாருங்கள். தாரையாக விழுந்த டீ, கீழே போகப் போக மணி மணியாகச் சிதறி நிற்கும். நம் கண் ஒருநாளும் பார்த்திராத உருவம் அது.

மூன்றாவது படத்துக்கு எதிர்த் திசையில் போக வேண்டும். ஷட்டர் 1/15. மூன்று ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக வரும். ஐ.எஸ்.ஓ.வை 400-இலிருந்து 100-க்கு இறக்கினால் இரண்டு ஸ்டாப் குறையும், அப்பர்ச்சரை f/8-க்கு மாற்றினால் இன்னொன்று. கேமராவைக் கையில் பிடிக்காமல் பெஞ்சிலோ மேசையிலோ ஊன்றி எடுங்கள். டீ பட்டு நாடா மாதிரி வழவழவென்று வரும், மாஸ்டரின் கை மங்கலாக ஓடும்.

இந்த மூன்றாவது படத்தில் ஒரு பரிசோதனை உண்டு. பின்சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் எழுத்து தெளிவாக இருந்து கை மட்டும் மங்கினால், அது அசைவின் அழகு. எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் கேமரா ஆடிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

போன மாதம் ஒரு மாணவி வந்து, “சார், வெளிச்சம் ஒண்ணா இருக்கணும்னீங்க. எனக்கு ரெண்டாவது படம் இருட்டா வருதே” என்றார்.

“ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவு ஏத்துனீங்கம்மா?”

“மூணு ஸ்டாப் சார். மூணு கிளிக் திருப்புனேன்.”

விஷயம் அங்கேதான் இருந்தது. பெரும்பாலான கேமராக்களில் டயலின் ஒரு கிளிக் என்பது ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான். 400-இலிருந்து 500, 640, 800 என்று மூன்று கிளிக் போனால்தான் ஒரே ஒரு ஸ்டாப். ஷட்டரை அவர் எண்ணைப் பார்த்து 1/1000-இல் சரியாக வைத்திருந்தார். ஐ.எஸ்.ஓ. 800-இலேயே நின்றுவிட்டது. இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கு. ஆரம்பத்தில் கிளிக்கை எண்ணாதீர்கள், எண்ணைப் படியுங்கள் என்று அன்றிலிருந்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சிக்கல் கடைக்குள் எரியும் விளக்கு. நம் ஊர் மின்சாரத்தில் டியூப் லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000-இல் எடுக்கும் கேமராவுக்குத் தெரிந்துவிடும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வரும், சிலசமயம் குறுக்கே பட்டை விழும். கணக்கு தப்பிவிட்டதோ என்று குழம்பிப் போவோம். அதனால்தான் இந்தப் பயிற்சிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் இரண்டாவது படத்தையும் மூன்றாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடையின் இருண்ட மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வேன். 3200-இல் எடுத்ததில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். ஐ.எஸ்.ஓ. வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. ஷட்டரும் அப்பர்ச்சரும் உள்ளே விட்ட வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். திருவிழா மைக் செட்டில் மெல்லப் பேசுபவருக்காக ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதே கதை. மூன்று மூலையையும் சமமாகக் காட்டும் முக்கோணப் படம் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது என்பது என் குறை.

அப்பர்ச்சருக்குத் தனியாக ஒரு சின்னப் பயிற்சி போதும். திண்ணையில் மூன்று டம்ளரை ஒரு முழ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். லென்ஸை 55-க்கு நீட்டி, முதல் டம்ளரில் ஃபோகஸ் செய்து, f/5.6-இல் ஒன்று, f/16-இல் ஒன்று எடுங்கள். முன்னதில் கடைசி டம்ளர் கரைந்து போயிருக்கும், பின்னதில் அதன் விளிம்பு கூடத் தெரியவரும். f/16-க்கு மூன்று ஸ்டாப் போய்விடுவதால் ஷட்டர் 1/250-இலிருந்து 1/30-க்கு இறங்க வேண்டியிருக்கும், இங்கேயும் கேமராவை எதன்மீதாவது வையுங்கள். எண் பெரிதானால் துவாரம் ஏன் சிறிதாகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அது வகுக்கும் எண். லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்றால் f/2-இல் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், f/8-இல் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த டம்ளர் பயிற்சியை விட்டுவிடலாம். பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சர் மாறாது. ஆனால் Pro என்ற முறை இருந்தால் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் நீங்களே மாற்றலாம். டீக்கடையின் முதல் இரண்டு படங்களுக்கு அது போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாருங்கள். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று எண்ணையும் முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு ஷட்டரை அழுத்துங்கள்.