விடைபெறும் கேப்டன் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

ஸ்பெயினின் கிழக்குக் கரையோரம் வில்லாரியல் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 50,000. டைல்ஸ் தயாரிப்புதான் அந்தப் பகுதிக்குச் சோறு போடும் தொழில். அதனால்தான் ஊர் கால்பந்து கிளப்பின் மைதானத்துக்கு 2017-இல் 'செராமிக்கா' என்று பெயர் வைத்தார்கள். அங்கே சுமார் 23,000 பேர் உட்காரலாம். ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடம் உண்டு என்று அர்த்தம்.

அந்த அணியின் கேப்டன் புருனோ சொரியானோ 2020 ஜூலையில் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பக்கத்திலுள்ள அர்த்தானா கிராமத்தில் 1984-இல் பிறந்தவர். 2006-இல் முதல் அணிக்குள் வந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக வேறெந்த கிளப்புக்கும் போகாமல், ஒரே மஞ்சள் சட்டையில் 400-க்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடினார். அவர் விடைபெற்ற சீசன் கொரோனா காலத்தில் முடிந்தது. ஐபர் அணியை 4-0 என்று வென்ற கடைசி ஆட்டத்தின்போது கேலரிகள் காலி. கைதட்ட ஊர் இல்லை; எதிரே நின்றது சக ஆட்டக்காரர்கள் மட்டுமே.

கேப்டனின் விடைபெறும் பேச்சு என்பது அடிப்படையில் அவர்களுக்கான பேச்சுதான். ரசிகர்களுக்கு, நிர்வாகத்துக்கு, குடும்பத்துக்கு நன்றி சொல்வது எளிது. சக ஆட்டக்காரர்களுக்குச் சொல்வது கடினம். என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். பொத்தாம்பொதுவான வார்த்தை அவர்களிடம் எடுபடாது. ஆகவே புருனோவின் ஆட்ட வாழ்க்கையையே எடுத்துக்கொண்டு, அவருடைய இடத்தில் நிற்கும் ஒரு கேப்டன் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறார் என்று பார்க்கலாம்.

முதல் கடன், தங்கியவர்களுக்கு. 2011-12 சீசனில் வில்லாரியல் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய அணி. அதே சீசனின் கடைசி நாளில், சொந்த மைதானத்தில், 88-வது நிமிடத்தில் அட்லெடிகோ மாட்ரிட்டின் ஃபால்காவ் ஒரு கோல் போட்டார். இன்னொரு மைதானத்தில் ராயோ வாயெகானோ கடைசி நேரத்தில் வென்றது. வில்லாரியல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டிவிஷன் இறங்கினால் வருமானம் சரியும். பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். இங்கேயும் சிலர் கிளம்பினார்கள். புருனோ தங்கினார். மூத்தவரான மார்கோஸ் சென்னாவும் தங்கினார். அடுத்த ஆண்டே அணி இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது. சென்னாவுக்குப் பிறகு கேப்டன் பொறுப்பு புருனோவிடம் வந்தது.

தங்கியதற்காக ஊர் புருனோவைக் கொண்டாடும். ஆனால் தங்கினால் மட்டும் ஒருவரால் அணியை மேலேற்ற முடியாது. இரண்டாம் டிவிஷனின் சின்ன மைதானங்களில் அவரோடு ஓடியவர்களில் பலர் பிறகு வெளியே பேர் தெரியாமலே போனவர்கள். அவர்களில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பிட்ட ஆட்டம், ஒரு குறிப்பிட்ட செயல் கேப்டனுக்கு நினைவிருக்கும். அதைச் சொல்வதுதான் நன்றி.

இரண்டாவது கடன், தப்பைத் தாங்கியவர்களுக்கு. 2016 மே மாதம், யூரோப்பா லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்தை 1-0 என்று வென்றுவிட்டு வில்லாரியல் லிவர்பூலுக்குப் போனது. ஏழாவது நிமிடத்தில், தன் கோலுக்கு முன்னால் நின்ற புருனோவின் மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போய்விட்டது. முதல் ஆட்டத்தில் கிடைத்த முன்னிலை அத்தோடு கரைந்தது. ஆட்டம் 3-0 என்று முடிந்தது, இறுதிப்போட்டி கைநழுவியது.

சொந்த கோல் போட்டவர் கேப்டனாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். மற்றவர்களைத் தேற்ற வேண்டியவரே தலைகுனிந்து நிற்கிறார். மீதி எண்பது நிமிடங்களுக்கும் மேல், அவரை நம்பி மறுபடி பந்தைக் கொடுக்க வேண்டியது சக ஆட்டக்காரர்கள்தான். புருனோ ஆடியது நடுக்களத்தின் அடிப்பகுதியில். தடுப்பு வரிசையிலிருந்து பந்தை வாங்கி, திரும்பி, முன்னால் அனுப்பும் இடம் அது. தப்புக்குப் பிறகு அவரைத் தவிர்த்துவிட்டு நீளமாக உதைத்துவிடுவது யாருக்கும் தோன்றக்கூடிய எளிய வழி. அந்த நேரத்திலும் ஒருவர் அவர் காலுக்கே பந்தைத் தந்தால், அதை எந்தப் புள்ளிவிவரமும் குறிக்காது. வாங்கியவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது கடன்தான் மிகப் பெரியது: இல்லாதபோது இடத்தை நிரப்பியவர்களுக்கு. 2017 மே மாத ஆட்டம் ஒன்றுக்குப் பிறகு, கால் காயத்தால் புருனோ வெளியே போனார். சில மாதங்கள் என்று தொடங்கியது மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. 2020 ஜூன் 22-ஆம் தேதி, செவியாவுடன் 2-2 என்று முடிந்த ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராகத்தான் மறுபடி களம் இறங்கினார். இடையில் 1,128 நாட்கள்.

அந்த இடைவெளியின் முதல் சீசனில் அவருடைய இடத்தில் ஆடியவர், கிளப்பின் இளையோர் அணியிலிருந்து வந்த ரோட்ரி. 2018-இல் அட்லெடிகோவுக்கும், அடுத்த ஆண்டு மான்செஸ்டர் சிட்டிக்கும் போனவர். 2024-இல் பாலன் டி ஓர் விருது வாங்கியவர். அவர் போன பிறகு வில்லாரியல் தடுமாறியது. 2018-19 சீசனில் மறுபடி இறங்கிவிடுவோமோ என்ற பயத்தோடு ஆடி, 14-வது இடத்தில் கரை சேர்ந்தது. அன்று அணி இறங்கியிருந்தால், புருனோ திரும்பி வந்து ஆடியிருக்கக்கூடிய அணி வேறொன்றாக இருந்திருக்கும். சிகிச்சை அறையில் இருந்தவருக்காக முதல் டிவிஷனைக் காப்பாற்றி வைத்தவர்கள் களத்தில் இருந்தவர்கள்.

அதே அணியில் இன்னொருவரும் இருந்தார். சான்டி கசோர்லா, குதிகால் தசைநாண் காயத்தில் தொற்று ஏறி, இனி ஆடவே முடியாதோ என்ற நிலையிலிருந்து மீண்டு 2018-இல் பழைய கிளப்புக்குத் திரும்பியவர். கேப்டன் காத்திருந்த காலத்தில், திரும்பி வர முடியும் என்பதற்குக் கண்ணெதிரே இருந்த சாட்சி அவர். கசோர்லாவும் 2020-இல் அதே ஐபர் ஆட்டத்தோடு விடைபெற்றுக் கிளம்பினார்.

இந்த மூன்று கடன்களையும் வரிசையாக வைத்தாலே பேச்சு தயார். நாலைந்து நிமிடம் போதும். பெரும்பாலான பேச்சுகள் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, பெயர்ப் பட்டியல்: இருபத்தைந்து பேரைப் படித்து ஒருவரை விட்டுவிட்டால், அந்த ஒருவரின் முகம்தான் மிஞ்சும். பட்டியலுக்குப் பதில் மூன்று சம்பவங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இருந்தவர்களைக் குறிப்பிடுவது நல்லது. இரண்டாவது, பொது வார்த்தைகள். "எல்லோரும் உறுதுணையாக இருந்தீர்கள்" என்பது எந்த அணிக்கும் பொருந்தும். "அந்தத் தப்புக்குப் பிறகு முதல் பந்தை நீதான் எனக்குக் கொடுத்தாய்" என்பது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். கேட்பவருக்குத் தான் செய்தது யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று தெரியவரும்.

வாய்ப்பே கிடைக்காமல் பயிற்சிக்கு மட்டும் வரும் இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பர்களையும் கேப்டன் மறக்கக் கூடாது. காயத்திலிருந்து மீள்பவர் மறுபடி பந்தை உதைத்துப் பழகும்போது எதிரே நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான். மூன்று ஆண்டுகள் வெளியே இருந்த ஒரு கேப்டனுக்கு, அணியின் கோல்களை விட அந்தப் பயிற்சி நேரம் பெரிது. பேச்சைத் தொடங்கவும் அதுவே சரியான இடம் என்பேன்: முதலில் அவர்கள் பெயர், பிறகு மற்றவர்கள்.