பெரிய எண்ணில் சரி, மூன்றில் தவறு

பத்து மீட்டர் கயிறு ஒன்று. அதைக் குறைந்தது இரண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் நீளமும் முழு மீட்டராக இருக்க வேண்டும். துண்டுகளின் நீளங்களைப் பெருக்கினால் கிடைக்கும் எண் முடிந்தவரை பெரிதாக வர வேண்டும். ஐந்தும் ஐந்துமாக வெட்டினால் 25. மூன்று, மூன்று, நான்கு என்று வெட்டினால் 36. அதற்கு மேல் போகாது.

நிரல் எழுதும் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இது. லீட்கோட் தளத்தில் 343ஆம் கேள்வி. அங்கே கயிறு கிடையாது, ஒரு எண்ணைப் பிரிக்கச் சொல்வார்கள், கணக்கு ஒன்றுதான். n என்ற எண் 2 முதல் 58 வரை எதுவாகவும் இருக்கலாம். போட்டியாளர் எழுதிய நிரலை ஒரு கணினி வாங்கிக்கொண்டு, தன்னிடம் உள்ள உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதிக்கும். ஐம்பது உள்ளீட்டுக்குச் சரியாகச் சொல்லி ஒன்றில் தவறினாலும் ‘ராங் ஆன்சர்’தான். கல்லூரி அணிகள் மோதும் ஐசிபிசி போட்டியில் இதற்கு விலையும் உண்டு: அந்தக் கேள்வியைப் பிறகு சரியாக முடித்தாலும், முன்னால் போன ஒவ்வொரு தவறான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடம் கணக்கில் கூட்டப்படும்.

இந்தக் கயிற்றுக் கணக்கில் நல்ல போட்டியாளர்களே இடறி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விழுவது பெரிய எண்களில் அல்ல. இரண்டிலும் மூன்றிலும்.

கணக்கைத் தீர்க்கும் வழி ‘டைனமிக் புரோகிராமிங்’. 1950களில் ரிச்சர்ட் பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வைத்த பெயர் அது. பெயர் மிரட்டினாலும் யோசனை எளிது. சிறிய கயிறுகளுக்கு விடையைக் கண்டுபிடித்து ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வது. பெரிய கயிற்றுக்கு அந்தப் பட்டியலையே பயன்படுத்துவது. பத்து மீட்டர் கயிற்றில் முதலில் ஒரே ஒரு வெட்டு போடுவோம். இடப்பக்கம் 3 மீட்டர் வந்தால் வலப்பக்கம் 7. மூன்றுக்கும் ஏழுக்கும் உரிய மதிப்புகள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் பெருக்கிக்கொள்ளலாம். இப்படி ஒன்பது இடங்களிலும் வெட்டிப் பார்த்து, பெரியதை எடுத்துக்கொண்டால் பத்துக்கு விடை வந்துவிடும். சிறியதிலிருந்து பெரியதைக் கட்டும் இந்த விதிக்குத் தொடக்கத்தில் சில மதிப்புகளை நாமே கையால் எழுதித் தர வேண்டும். ‘பேஸ் கேஸ்’ என்று மாணவர்கள் சொல்வது இவற்றைத்தான்.

புதிதாக எழுதுபவர் என்ன எழுதுவார்? கேள்வியைப் படித்து, விடையை அப்படியே போடுவார். இரண்டு மீட்டர் கயிற்றை வெட்டியே ஆக வேண்டும் என்றால் 1 × 1, ஆக 1. மூன்று மீட்டருக்கு 1 × 2, ஆக 2. கேள்வியின்படி இரண்டுமே சரியான விடைகள். ஆனால் அவற்றை அடிப்படையாக வைத்து மேலே கட்டிக்கொண்டு போனால் நான்குக்கு 2 வரும். வர வேண்டியது 4. பத்துக்கு 8 வரும். வர வேண்டியது 36.

இது சத்தம் போடும் தவறு. கேள்வியோடு தரப்படும் மாதிரி உள்ளீட்டிலேயே 10 இருப்பதால், ஓட்டிப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எழுதியவர் கொஞ்சம் யோசிப்பார். பெரிய கயிற்றிலிருந்து ஏற்கெனவே வெட்டி எடுத்த மூன்று மீட்டர் துண்டை மேலும் வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லையே, அதை முழுதாகவே வைத்துக்கொண்டால் மதிப்பு 3 அல்லவா என்று பிடிபடும். உடனே இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3 என்று மாற்றுவார்:

```python
dp = [0, 1, 2, 3] + [0] * n
for k in range(4, n + 1):
    dp[k] = max(dp[i] * dp[k - i] for i in range(1, k))
print(dp[n])
```

நான்குக்கு 4, ஐந்துக்கு 6, ஆறுக்கு 9, ஏழுக்கு 12, பத்துக்கு 36. எல்லாம் சரி. 58 வரை எந்தப் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் சரி. ஆனால் n இரண்டு என்றால் இந்த நிரல் 2 என்கிறது, விடை 1. மூன்று என்றால் 3 என்கிறது, விடை 2. சத்தம் போட்ட தவறு சத்தமில்லாத தவறாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மாதிரியில் இன்னொரு உள்ளீடும் உண்டு: n = 2, விடை 1. அதனால் இரண்டில் உள்ள தவறு எப்படியும் கண்ணில் படும். அவசரத்தில் இருப்பவர் ‘n இரண்டாக இருந்தால் 1 என்று அச்சிடு’ என ஒரு வரியைச் செருகிவிட்டுச் சமர்ப்பித்துவிடுவார். மாதிரி இரண்டும் தேறிவிடும். மூன்று மட்டும் உள்ளே பதுங்கியிருக்கும். இந்தக் கேள்வியின் மாதிரிகளை யார் தேர்ந்தெடுத்தாரோ, மூன்றை வெளியே விட்டது தற்செயலா குறும்பா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தத் தவறு ஏன் இரண்டிலும் மூன்றிலும் மட்டும்? இங்கே ஒரே பட்டியலில் இரண்டு வேறு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. ‘கட்டாயம் வெட்டினால் எவ்வளவு?’ என்பது முதல் கேள்வி; போட்டி கேட்பது இதை. ‘வெட்டலாம், வெட்டாமலும் விடலாம் என்றால் எவ்வளவு?’ என்பது இரண்டாவது. பெரிய கயிற்றின் துண்டுகளுக்கு விதி கேட்பது இதை. நீளம் n உள்ள கயிற்றிலிருந்து 2 மீட்டரை வெட்டினால் கிடைப்பது 2 × (n − 2). நான்கு மீட்டரில் இது 4. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒன்றுதான். ஐந்தில் இது 6; வெட்டுவதே லாபம். அதற்கு மேல் லாபம் கூடிக்கொண்டே போகும். ஆகவே நான்கிலிருந்து இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை. மூன்று மீட்டரிலோ வெட்டினால் 2, விட்டால் 3. இரண்டு மீட்டரில் வெட்டினால் 1, விட்டால் 2. இரண்டு கேள்விகளும் பிரிந்து நிற்கும் இடம் இவை இரண்டும்தான் (ஒரு மீட்டரை வெட்டவே முடியாது, கேள்வியிலும் அது வராது). தவறு வெளியே தெரிவதும் அந்த இடத்தில் மட்டுமே.

காரணம் புரிந்துவிட்டால் ஒட்டுப்போடத் தேவையில்லை. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டால் போதும்:

```python
f = [0] * (n + 1)   # கட்டாயம் வெட்டினால்
g = [0] * (n + 1)   # வெட்டாமலும் விடலாம்
g[1] = 1
for k in range(2, n + 1):
    f[k] = max(g[i] * g[k - i] for i in range(1, k))
    g[k] = max(k, f[k])
print(f[n])
```

இதில் கையால் எழுதிய அடிப்படை மதிப்பு ஒன்றே ஒன்று: ஒரு மீட்டர் துண்டின் மதிப்பு 1. இரண்டும் மூன்றும் விதியிலிருந்தே பிறக்கின்றன. சிறப்பு விலக்கு எதுவும் இல்லை. மூன்று வரி கூடுதலாக எழுதியதற்குக் கிடைக்கும் நிம்மதி இது. நேர நெருக்கடியிலும் இதுவே மலிவான வழி.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் கணக்கு ஒன்று சீனாவில் இருக்கிறது. ஹாங்சோ தியான்சி பல்கலைக்கழகத்தின் பயிற்சித் தளத்தில் 2045ஆம் எண். வரிசையாக n கட்டங்கள், மூன்று நிறங்கள். அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்கூட ஒரே நிறமாக இருக்கக் கூடாது. எத்தனை வகையில் நிறம் தீட்டலாம்? விதி `f(n) = f(n-1) + 2·f(n-2)`. மாதிரியில் தரப்பட்டிருப்பது ஒன்றுக்கு 3, இரண்டுக்கு 6. இவற்றையே அடிப்படையாக வைத்தால் மூன்றுக்கு 6 + 2 × 3, அதாவது 12 வரும். உண்மை விடை 6 மட்டுமே: மூன்று கட்டங்களும் ஒன்றுக்கொன்று வேறு நிறம், 3 × 2 × 1.

கேள்விக்குச் சரியான விடை விதிக்குத் தவறான அடிப்படை ஆகிவிட்டது. விதியின் பார்வையில் முதலும் கடைசியும் அடுத்தடுத்தவை, கட்டங்கள் ஒரு வட்டம். ஒரே கட்டம் உள்ள வட்டத்தில் அந்தக் கட்டத்துக்கு அண்டை அதுவேதான். தன்னிலிருந்தே வேறு நிறமாக இருக்க எதனாலும் முடியாது. ஆகவே விதிக்கு வேண்டியது `f(1) = 0`. அப்படி வைத்தால் மூன்றுக்கு 6, நான்குக்கு 18 என்று எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் n ஒன்றாக இருக்கும்போது 0 என்று அச்சிட்டால் தவறு; அங்கே கேள்வி கேட்பது 3. விதியை இரண்டிலிருந்தும் மூன்றிலிருந்தும் தொடங்கி, ஒன்றைத் தனியே எழுதிவிடுவது இங்கே நேர்மையான தீர்வு.

சின்ன உள்ளீட்டில் இன்னொரு விபத்தும் நடக்கும். சி++ மொழியில் எழுதுபவர் n + 1 இடங்கள் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு `dp[3] = 3` என்று எழுதுவார். n இரண்டாக இருந்தால் பட்டியலில் 0, 1, 2 என்ற இடங்கள் மட்டுமே உண்டு; மூன்றாம் எண் இடம் கிடையாது. இதே தவறைப் பைத்தான் மொழியில் செய்தால் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். சி++ பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். எழுதியவரின் கணினியில் ஓடிய நிரல் போட்டிக் கணினியில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட தவறைப் பிடிக்க, பல போட்டியாளர்கள் வேண்டுமென்றே முட்டாள்தனமான ஒரு நிரலையும் எழுதிக்கொள்வார்கள். எல்லா வெட்டுகளையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்க்கும் நிரல் அது. மெதுவாக ஓடும், தவறாக ஓடாது. பிறகு இரண்டு நிரல்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவார்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. எண்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போது வரம்பைப் பெரிதாக வைத்தால், அதில் 2 அல்லது 3 விழுவது அபூர்வம். சில முறை ஒப்பிட்டும் தவறு தப்பித்துவிடலாம். குலுக்கலே வேண்டாம். கேள்வி அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணில் தொடங்கி 12 வரை வரிசையாகக் கொடுத்தால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும்.

கோட்ஃபோர்சஸ் தளத்தின் சில போட்டிகளில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து, அது விழும்படியான உள்ளீட்டைக் கொடுக்கலாம், ‘ஹேக்’ என்பார்கள். அதற்காக அடுத்தவர் நிரலைத் திறப்பவர், கையால் எழுதிய அடிப்படை மதிப்புகளைக் கண்டால் அந்த எண்களையே உள்ளீடாக முயன்று பார்ப்பது நல்லது. எழுதியவரும் அதையே செய்யலாம். `dp[2]`, `dp[3]` என்று கையால் எத்தனை எண்களை நிரப்பினீர்களோ, சமர்ப்பிக்கும் முன் அத்தனையையும் n-ஆகக் கொடுத்து, விடையைக் காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.