மூன்றடியில் ஒரு விடியல்: சிஜோப் பாடல்

நுழையும் முன்

ஓசை நிறைந்த இடம் எதுவென்று கேட்டால், கடைத்தெரு என்றோ தொடர்வண்டி நிலையம் என்றோ சொல்வோம். விடியற்காலை அடுக்களையும் அத்தகைய இடமே. அங்கே பாத்திரம் பேசும், பால் சீறும், மனிதரும் பேசுவர். அந்தச் சிறு பொழுதை மூன்றே அடிகளில் பாடி, மூன்றாம் அடியில் எதிர்பாராத திருப்பம் ஒன்றை வைக்க இயலுமா? இயலும் என்று காட்டுவது சிஜோ என்னும் கொரிய நாட்டுப் பாவகை. அதன் அமைப்பையும், அவ்வமைப்பில் ஒரு தமிழ்ப் பாடல் உருவாகும் முறையையும் இப்பாடத்தில் அறிவோம்.

சிஜோவின் அமைப்பு

சிஜோ, கொரிய மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பாடிவரும் இசைப்பா. கி.பி. 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட சோசன் அரசமரபின் காலத்தில் இது செழித்து வளர்ந்தது. அரசவைப் புலவர்களும் அறிஞர்களும் மட்டுமன்றி, ஹுவாங் ஜினி போன்ற பெண்பாற் புலவர்களும் இதில் புகழ் பெற்றனர். வாய்மொழியாக வழங்கிய பாடல்கள் பலவற்றைக் கிம் சொன்தேக் என்பவர் 1728ஆம் ஆண்டில் தொகுத்து வைத்தார்.

ஒரு சிஜோவில் மூன்று அடிகள் உண்டு. ஒவ்வோர் அடியும் நான்கு சொற்கூட்டங்களாகப் பிரியும். ஓரடியில் ஏறத்தாழப் பதினைந்து அசையொலிகளும், பாடல் முழுவதிலும் ஏறத்தாழ நாற்பத்தைந்து அசையொலிகளும் அமையும். முதல் இரண்டு அடிகளில் இக்கணக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ செய்யலாம். மூன்றாம் அடியின் தொடக்கம் மட்டும் அவ்வாறு நெகிழாது. அதன் முதற்கூட்டம் மூன்று அசையொலிகளை உடையதாகவே இருத்தல் வேண்டும். இரண்டாம் கூட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அசையொலிகளால் நீளும்.

இவ்விறுக்கத்திற்குக் காரணம் உண்டு. முதலடி ஒரு காட்சியைத் தொடங்குகிறது. இரண்டாம் அடி அதனை வளர்க்கிறது. மூன்றாம் அடியோ திரும்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வளைவில் திரும்புமுன் வேகம் தணிவதுபோல, அந்த மூன்று அசையொலிகள் ஓசையைச் சட்டென்று நிறுத்துகின்றன. அடுத்து வரும் நீண்ட கூட்டம் நம்மைப் புதிய திசையில் இழுத்துச் செல்கிறது. பழைய சிஜோப் பாடல்கள் பலவற்றில் மூன்றாம் அடி ஒரு விளியாகவோ வியப்பொலியாகவோ இரக்கக் குறிப்பாகவோ தொடங்குவது இதனாலேயே.

தமிழில் எண்ணும் முறை

கொரிய எழுத்து முறையை மன்னர் சேஜோங் 1443ஆம் ஆண்டில் உருவாக்கி 1446ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையில் ஓர் அசையின் ஒலிகள் அனைத்தும் ஒரே கட்டமாக எழுதப்படும். அசையின் இறுதியில் மெய்யொலி வந்தால் அதுவும் அக்கட்டத்திற்குள்ளேயே அடங்கும். ஆகவே ‘பால்’ என்னும் ஒலியைக் கொரிய முறையில் எழுதினால் ஒரு கட்டமே ஆகும்.

தமிழில் எழுதும்போது நாமும் அவ்வாறே எண்ணலாம். உயிரையும் உயிர்மெய்யையும் எண்ணுக. புள்ளி பெற்ற மெய்யை எண்ணாது விடுக. ‘பால்’ ஒன்று, ‘அம்மா’ இரண்டு, ‘வாசலில்’ மூன்று. இது தமிழுக்குப் புதிய வழக்கமன்று. அபிராமி அந்தாதி பாடப்பட்ட கட்டளைக் கலித்துறை என்னும் பாவினத்தில், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என ஒற்று நீக்கியே எண்ணுவர்.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்க. தமிழில் வேற்றுமை உருபுகளும் பிற ஒட்டுகளும் சொல்லோடு சேர்ந்து சொல்லை நீளச் செய்கின்றன. ‘அடுக்களையிலிருந்து’ என்னும் ஒரு சொல்லே எட்டெழுத்து ஆகிவிடும். இரண்டு கூட்டங்களுக்கு உரிய இடத்தை அது தனியே நிரப்பிவிடும். எனவே, உருபு குறைந்த சிறு சொற்களைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

ஒரு பாடல் உருவாகிறது

வட இந்திய நகரம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம். குளிர்காலம், மாதத்தின் முதல் நாள். பால்காரர் பாலை ஊற்றிவிட்டுச் சென்ற மாதத்துக் கணக்கிற்காக வாசலில் நிற்கிறார். அம்மா பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, எந்தெந்த நாள்களில் பால் வாங்கவில்லை என்பதை அவருக்கு இந்தியில் எடுத்துச் சொல்கிறார். இக்காட்சியே நம் பாடலின் பொருள்.

முதலடியில் இடத்தையும் பொழுதையும் வைப்போம்.

விடியல் / பனியிலே / அடுக்களை / அடுப்பில் பால்

எழுத்துக் கணக்கு 3, 4, 4, 4. இரண்டாம் அடியில் ஆளும் செயலும் வரட்டும்.

வாசலில் / பால்கணக்கு / இந்தியிலே / பேசும் அம்மா

இதுவும் 3, 4, 4, 4. இனி மூன்றாம் அடி. இதற்குரிய கணக்கு 3, 5, 4, 3. முதன்முதலில் தோன்றக்கூடிய அடி இவ்வாறு இருக்கலாம்.

பிறகு / பாலைக் குடித்துப் / பள்ளிக்கு நான் / செல்கிறேன்

எழுத்துக் கணக்கு பிசகவில்லை. ஆயினும் பாடல் திரும்பவில்லை. அடுத்து நடந்ததைச் சொல்லி நேரே போய்விட்டது. ‘பிறகு’ என்னும் சொல்லே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. கதையைத் தொடரும் சொல் அது. கதையைத் திருப்பும் சொல் அன்று.

திருப்பம் வேண்டும் என்று எண்ணி, வேறோர் அடியை அமைத்துப் பார்ப்போம்.

அதோபார் / வானத்திலொரு / வண்ணமயில் / பறக்கும்

இங்கே வியப்பு உண்டு, உறவு இல்லை. அடுக்களையில் இருந்த நம்மை மயில் எங்கோ கொண்டுபோய்விட்டது. முதல் இரண்டு அடிகளை நீக்கிவிட்டு வேறு எந்த அடிகளை வைத்தாலும் இவ்வடி அங்கே பொருந்தும். எங்கும் பொருந்தும் திருப்பம் எந்தப் பாடலுக்கும் உரியதன்று.

அவ்வாறாயின் திருப்பத்தை எங்கே தேடுவது? முன் இரண்டு அடிகளுக்குள்ளேயே தேட வேண்டும். முதலடியில் பால் அடுப்பில் இருக்கிறது. இரண்டாம் அடியில் அம்மா வாசலில் இருக்கிறார், இந்தியில் பேசுகிறார். கவனிப்பார் இல்லாத பால் என்ன செய்யும்? பொங்கும். பொங்கும் பாலைக் கண்டவர் என்ன செய்வார்? ஓடுவார், ஓடும்போதே வாய்விட்டு ஏதேனும் சொல்வார். அந்தச் சொல் எந்த மொழியில் வரும்? இவ்வினாவிலேதான் மூன்றாம் அடி பிறக்கிறது.

விடியல் பனியிலே அடுக்களை அடுப்பில் பால்;
வாசலில் பால்கணக்கு இந்தியிலே பேசும் அம்மா;
அடடா! பொங்கிய பாலை அதட்டிற்று தமிழே!

‘அடடா’ என்பது மூன்றெழுத்து வியப்புச்சொல். மூன்றாம் அடி எப்படித் தொடங்க வேண்டும் என்று கொரியப் புலவர்கள் வகுத்தார்களோ, அப்படியே தொடங்குவதற்கு நம் வீட்டுப் பேச்சில் ஒரு சொல் அணியமாக இருக்கிறது. அச்சொல் அம்மாவின் குரலாகவும் ஒலிக்கிறது; அதனைக் கேட்கும் பிள்ளையின் வியப்பாகவும் ஒலிக்கிறது. அடுத்து வரும் ‘பொங்கிய பாலை’ முதலடியின் பாலைத் திரும்ப அழைக்கிறது. இறுதியில் நிற்கும் ‘தமிழே’ இரண்டாம் அடியின் இந்தியோடு எதிர்நிற்கிறது. இவ்வாறு, தனித்தனியே இருந்த இரண்டு அடிகளும் மூன்றாம் அடியில் சந்திக்கின்றன.

சொல்லாமல் விட்டது

இப்பாடல் அம்மாவைக் குறை கூறவில்லை. அவர் இந்தியில் கணக்கைத் தெளிவாகவே பேசுகிறார். அவ்வூரில் வாழ்வதற்கு அம்மொழி அவருக்கு வேண்டும். எண்ணிப் பேசும்போது ஒரு மொழியும், எண்ணாமல் வாய் திறக்கும்போது மற்றொரு மொழியும் வருகின்றன என்பதை மட்டுமே பாடல் கண்டு காட்டுகிறது. எந்த மொழி பெரிது, அம்மாவின் உள்ளத்தில் என்ன இருந்தது, கேட்ட பிள்ளை என்ன நினைத்தது என்பவற்றையெல்லாம் அது நமக்கே விட்டுவிடுகிறது. ‘தாய்மொழியை மறவாதே’ என்று மூன்றாம் அடி முடிந்திருந்தால், அது நல்ல அறிவுரையாகி இருக்கலாம். பால் பொங்கிய அந்த நொடி மறைந்து போயிருக்கும்.

இன்னொன்றையும் காண்க. ‘தமிழ்’ என்னும் சொல் பாடலின் கடைசிக் கூட்டம் வரை வரவே இல்லை. இரண்டாம் அடியில் ‘தமிழை விட்டு இந்தியில் பேசும் அம்மா’ என்று சொல்லியிருந்தால், படிப்பவர் முடிவை முன்னரே ஊகித்திருப்பார். திருப்பத்திற்குரிய விதை முன்னடிகளில் இருக்க வேண்டும். அதன் பெயர் இருத்தல் கூடாது.

நீங்கள் எழுதும் பாடலையும் இவ்வாறு சோதிக்கலாம். மூன்றாம் அடியைக் கையால் மறைத்துவிட்டு, முதல் இரண்டு அடிகளை நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். முடிவை அவர் சரியாகச் சொல்லிவிட்டால் திருப்பம் இல்லை என்று பொருள். பின்னர்க் கையை எடுத்துக் காட்டுங்கள். முடிவைக் கண்டதும் அவர் மீண்டும் முதலடிக்குச் சென்று படித்தால் பாடல் அமைந்துவிட்டது. ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்று அவர் கேட்டால், மயில் பறந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
ஒற்று – புள்ளி பெற்ற மெய்யெழுத்து
விளி – அழைத்தல்
அணியமாக – ஆயத்தமாக
அதட்டிற்று – உரத்த குரலில் கண்டித்தது
ஊகித்தல் – முன்னரே உணர்தல்

பயிற்சி

1. ஒற்று நீக்கி எழுத்துகளை எண்ணுக: தோசைக்கல், கரண்டி, இஞ்சித் தேநீர், மிளகாய்ப்பொடி.

2. மூன்றாம் அடியின் முதற்கூட்டமாக வரத்தக்க மூன்றெழுத்துச் சொற்கள் சில: ஐயையோ, ஆனாலும், இருந்தும், அம்மம்மா. ‘திடீரென’ என்னும் சொல் ஏன் பொருந்தாது? மேலும் இரண்டு மூன்றெழுத்துச் சொற்களைக் கண்டு எழுதுக.

3. பாடலின் முதல் இரண்டு அடிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, 3, 5, 4, 3 என்னும் கணக்கில் வேறொரு மூன்றாம் அடியை எழுதுக. பாலும் கணக்கும் அதில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை ஒரு தொடரில் விளக்குக.

4. நாளை விடியற்காலையில் உங்கள் வீட்டு அடுக்களையில் சிறிது நேரம் அமைதியாக நில்லுங்கள். அங்கே கேட்கும் ஓசைகளையும், யார் எந்த மொழியில் என்ன சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பிலிருந்து இரண்டு செய்திகளைத் தேர்ந்து முதல் இரண்டு அடிகளை அமைத்து, அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை மூன்றாம் அடியாக எழுதுக.