ஒன்றைத் திறக்கக் கூடாது, மற்றதை ஷார்ட் செய்யக் கூடாது

தொழிற்சாலையின் 11,000 வோல்ட் பேனலில் மீட்டருக்குப் போகும் வயர்களைக் கவனித்தால், பி.டி.யிலிருந்து வருபவற்றில் ஃபியூஸ் இருக்கும், சி.டி.யிலிருந்து வருபவற்றில் இருக்காது. அங்கே ஃபியூஸ் போட்டால்தான் ஆபத்து.

பி.டி. என்பது 11,000 வோல்ட்டை 110 ஆகக் குறைத்துத் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர். எதை இணைத்தாலும் 110 வோல்ட்டைத் தரப் பார்க்கும். ஏறக்குறைய ஒரு மின்னழுத்த மூலம். அதன் இரு முனைகளையும் தடையே இல்லாத கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? அத்தகைய கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் பூஜ்ஜியம். மூலமோ 110 என்கிறது. ஒரே இடத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்பதால் இலட்சிய மூலத்துக்கு இந்தக் கணக்கில் விடையே இல்லை. நிஜ பி.டி.யின் சுருளுக்குள் கொஞ்சம் தடை உண்டு. அந்த 110 வோல்ட் முழுவதும் சுருளுக்குள்ளேயே செலவாகி, மின்னோட்டம் எகிறி, சுருள் கருகும். அதற்கு முன் ஃபியூஸ் போய்விட வேண்டும்.

சி.டி.யின் குணம் நேரெதிர். 200/5 சி.டி. என்றால் பிரதான கம்பியில் 200 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் தரும். அந்த 200 ஆம்பியரைத் தீர்மானிப்பது ஆலையின் மோட்டார்கள், சி.டி.க்கு அதில் சொல்லே கிடையாது. மீட்டர் வழியில் 0.2 ஓம் தடை இருந்தால் 5 ஆம்பியரைத் தள்ள 1 வோல்ட் போதும். 2 ஓம் என்றால் 10 வோல்ட் வேண்டும். வயரையே கழற்றிவிட்டால்? அறுந்த வழியில் ஓடுவது பூஜ்ஜியம், மூலம் கேட்பது 5. எத்தனை வோல்ட் கொடுத்தாலும் இது ஒத்துவராது.

இதற்கு விடை சி.டி.யின் இரும்பில் கிடைக்கிறது. வழக்கமாக 5 ஆம்பியரின் காந்தவிளைவு 200 ஆம்பியருடையதைக் கிட்டத்தட்ட ரத்து செய்துவிடும். வயர் கழன்றதும் தடுக்க ஆளில்லாமல் 200 ஆம்பியரும் இரும்பைக் காந்தமாக்கி, இனி ஏற்காது என்னும் நிலைக்குத் தள்ளுகிறது. மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு கணமும் இரும்பின் காந்தமும் சட்டெனப் புரளும். நொடிக்கு 100 முறை, டெர்மினலில் கூர்மையான மின்னழுத்தம் எழும். சி.டி.யைப் பொறுத்து அது ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தொடலாம். மீட்டரில் அந்த ஃபேஸ் பூஜ்ஜியம் காட்டும். "மின்சாரம் இல்லை" என்று நினைத்துக் கைவைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். பேனலில் வழக்கத்துக்கு மாறான உறுமலும் கருகல் வாடையும் வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆகவே லோடு ஓடும்போது மீட்டரைக் கழற்ற வேண்டுமென்றால், முதலில் டெர்மினல் பிளாக்கில் உள்ள ஷார்ட்டிங் லிங்கைப் போடுவார்கள், சி.டி.க்கு அதுதான் ஓய்வு. அம்மீட்டர் பூஜ்ஜியத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே வயரில் ஸ்க்ரூடிரைவர் வைப்பார்கள். ஒருமுறை திறந்துபோன சி.டி.யை மறுபடி இணைத்தால் மட்டும் போதாது. இரும்பில் காந்தம் தங்கியிருந்தால் அளவு பிசகும் என்பதால், அதை நீக்கிச் சோதித்த பிறகே அதன் ரீடிங்கை நம்பலாம்.